வைஃபை காலிங்: கூடத்திலிருந்து திண்ணைக்கு நடந்தாலும் பேச்சு அறுபடாமல் இருக்க

கும்பகோணத்தில் எங்கள் பழைய வீடு தெருவிலிருந்து கொல்லை வரை ஒரே நீளமாகப் போகும். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கிணற்றடி என்று ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். சுவர்கள் ஒன்றரை அடி கனம். கூடத்துக்குள் டவர் சிக்னல் ஒரு கோடு வந்தால் பெரிது. அதனால் அம்மாவின் போனில் வைஃபை காலிங்கைப் போட்டுக் கொடுத்தேன். கூடத்தில் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலத் தெளிவாக வந்தது. ஆனால் அம்மா உட்கார்ந்து பேசுகிறவர் இல்லை. பேசிக்கொண்டே திண்ணைக்குப் போவார், பூக்காரரைப் பார்ப்பார், திரும்பிக் கிணற்றடிக்குப் போவார். "ரேழி தாண்டினா கட் ஆயிடுதுடா, கொல்லைப் பக்கம் போனாலும் அப்படித்தான்" என்றார்.

அந்த இரண்டு துண்டிப்புக்கும் காரணம் வேறு வேறு. ஒன்று டவர் பக்கத்துக் குறை, மற்றது வைஃபை பக்கத்துக் குறை. இரண்டையும் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு அழைப்பு டவருக்கும் வைஃபைக்கும் நடுவே எப்படி மாறுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால் எங்கே போய்ப் பார்ப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

## முதலில், அழைப்பு எந்த வழியாகப் போகிறது

வைஃபை காலிங் என்பது வாட்ஸ்அப் அழைப்பு போன்றது அல்ல. உங்கள் சொந்த எண்ணில், போனின் வழக்கமான டயலரில், உங்கள் சிம் நிறுவனத்தின் வழியாகவே அழைப்பு போகிறது. கட்டணமும் பெரும்பாலும் வழக்கமான அழைப்பின் கணக்கில்தான் வரும். எதிர்முனையில் இருப்பவருக்கு வைஃபை இருக்க வேண்டியதில்லை, லேண்ட்லைனாக இருந்தாலும் போதும். மாறுவது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் போனிலிருந்து நிறுவனத்தின் மையம் வரையிலான வழி.

4ஜியில் பேசும்போது அந்த வழி டவர் மூலமாகப் போகிறது. இதைத்தான் வோல்ட்டி என்கிறோம். வைஃபையில் பேசும்போது உங்கள் ரவுட்டர் வழியாகப் பொது இணையத்தில் இறங்கி, நிறுவனம் இணையத்தின் பக்கம் திறந்துவைத்திருக்கும் ஒரு வாயிலுக்குப் போகிறது. அந்த வாயிலுக்கு இபிடிஜி என்று பெயர். பொது இணையத்தில் குரலை அப்படியே அனுப்பினால் யாரும் ஒட்டுக் கேட்கலாம். அதனால் போன் அந்த வாயில் வரை ஐபிசெக் என்ற முறையில் பூட்டிய ஒரு சுரங்கப் பாதையைப் போட்டுக்கொள்கிறது. அலுவலகங்களில் பயன்படுத்தும் விபிஎன் போன்றதுதான் இது. சாவி மட்டும் கடவுச்சொல்லில் இல்லை, உங்கள் சிம்மில் இருக்கிறது. வாயில் ஒரு கேள்வி எண்ணை அனுப்பும். சிம் தனக்குள் இருக்கும் ரகசிய எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு விடை தரும். டவரில் போன் பதிவாகும்போது நடக்கும் அதே சோதனைதான்.

இனி முக்கியமான இடம். டவர் வழியும் சுரங்க வழியும் நிறுவனத்தின் மையத்துக்குள் ஒரே சந்திப்பில் போய்ச் சேர்கின்றன. உங்கள் போனுக்குக் குரல் அழைப்புக்கென்று ஒரு ஐபி முகவரி தருவது அந்தச் சந்திப்புதான். போன் டவரிலிருந்து வைஃபைக்கு மாறும்போது, "எனக்கு ஏற்கெனவே இந்த முகவரி இருக்கிறது, அதையே இந்த வழிக்கு மாற்றிக் கொடு" என்று கேட்கிறது. சந்திப்பு முகவரியை மாற்றாமல் வழியை மட்டும் திருப்பிவிடுகிறது. முகவரி மாறாததால் அழைப்பை நடத்தும் சர்வருக்கு அது அதே அழைப்பாகவே தொடர்கிறது. எதிர்முனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அதிகமாகப் போனால் ஒரு எழுத்து விழுங்கியதுபோல இருக்கும்.

திரும்பி வரும்போதும் இதே கதைதான், ஒரு வேறுபாட்டோடு. டவரிலிருந்து வைஃபைக்குப் போகும்போது போனுக்கு அவசரம் இல்லை. டவரில் பேச்சு ஓடிக்கொண்டிருக்க, பின்னால் சுரங்கத்தைப் போட்டு முடித்துவிட்டுத்தான் மாறும். வைஃபையிலிருந்து வெளியே வரும்போது நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள், வைஃபை ஒவ்வொரு அடிக்கும் தேய்கிறது. அது முற்றிலும் போவதற்குள் டவரில் இடம் தயாராக வேண்டும். துண்டிப்புகள் பெரும்பாலும் வெளியே வரும் திசையில்தான் நடக்கின்றன. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

## டவர் பக்கம் என்ன வேண்டும்

வைஃபை காலிங்கில் சிக்கல் என்றதும் எல்லோரும் ரவுட்டரைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் டவர் பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். வைஃபையிலிருந்து வெளியே வரும் அழைப்பு இறங்க வேண்டிய இடம் வோல்ட்டி. அது இல்லாவிட்டால் ரவுட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேச்சு வாசலில் அறுந்துவிடும். 4ஜி அழைப்பு 2ஜிக்கு இறங்குவதற்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. வைஃபையிலிருந்து நேராக 2ஜிக்கு இறங்க அப்படியொரு வழி பெரும்பாலான நெட்வொர்க்குகளில் இல்லை.

இதைச் சோதிப்பது எளிது. வைஃபையை அணைத்துவிட்டு, திண்ணைபோல டவர் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்று யாரையாவது அழையுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேல்பட்டையைப் பாருங்கள். `4G` அல்லது `VoLTE` அப்படியே இருந்தால் சரி. அழைப்பு போன உடனே அது `E` அல்லது `2G` என்று இறங்கினால் உங்கள் போன் வோல்ட்டியில் பேசவில்லை. அம்மாவின் போன் `E` காட்டியது. செட்டிங்ஸில் சிம் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் வோல்ட்டி சுவிட்ச் அணைந்திருந்தது. எப்போது யார் அணைத்தது என்று தெரியவில்லை. சுவிட்சுக்குப் போனுக்குப் போன் பெயர் மாறும்: `VoLTE calls`, `4G Calling`, `Use VoLTE` என்று இருக்கும். ஐபோனில் `Voice & Data` என்ற பக்கத்தில் இருக்கும். இரண்டு சிம் போட்டிருந்தால் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மொபைல் டேட்டாவை அணைத்தால் வோல்ட்டி போய்விடும் என்று பலரும் நினைத்து, டேட்டாவை எப்போதும் போட்டே வைத்திருக்கிறார்கள். பொதுவாக அதற்குத் தேவை இல்லை. குரல் அழைப்புக்கான இணைப்பு தனி. டேட்டா சுவிட்ச் நிறுத்துவது நீங்கள் உலாவும் இணையத்தை மட்டும்தான்.

அப்புறம் இடம். வைஃபை தேயும் இடத்தில் 4ஜி கிடைத்தாக வேண்டும். திண்ணையில் முழு சிக்னல் இருந்து ரேழியில் ஒன்றுமே இல்லை என்றால், ரேழிக்குள்ளேயே வைஃபை போய்விடக் கூடாது. இரண்டும் சில அடிகளாவது ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். அந்தச் சில அடிகளில்தான் போன் வழி மாறும்.

## வைஃபை பக்கம் என்ன வேண்டும்

வேகம் கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை. போன் உங்கள் குரலை 20 மில்லிசெகண்டுத் துண்டுகளாக, நொடிக்கு 50 பொட்டலமாக அனுப்புகிறது. பூட்டுப் போட்ட சுமையையும் சேர்த்தாலும் ஒரு திசைக்கு 100 கேபிபிஎஸ் போதும். 30 எம்பிபிஎஸ் இணைப்பில் அது ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் அழைப்பு தெளிவாகும் என்று யாராவது சொன்னால் பணத்தை வீணாக்காதீர்கள்.

தேவைப்படுவது மூன்று விஷயங்கள்.

முதலாவது, வாயில் வரை வழி திறந்திருக்க வேண்டும். சுரங்கம் யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகள் வழியாகப் போகிறது. வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக இவற்றைத் தடுப்பதில்லை. அலுவலகம், விடுதி, மருத்துவமனை வைஃபைகள் பல தடுக்கும். அங்கே யூடியூப் ஓடும், மெயில் வரும், வைஃபை காலிங் மட்டும் வராது. போர்ட் திறந்திருந்தும் வராமல் போக இன்னொரு காரணம் உண்டு. வாயில் தன் சான்றிதழை அனுப்பும் பொட்டலம் பெரியது, வழியில் அது இரண்டாக உடையலாம். உடைந்த பொட்டலங்களைத் தூக்கிப்போடும் ரவுட்டர்கள் இருக்கின்றன. ஃபயர்வால் பக்கத்தில் அப்படியொரு தடை போட்டிருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, அந்த வழி திறந்தபடியே இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் போன் வெளியே எந்த முகவரியோடு பேசுகிறது என்பதை ரவுட்டர் ஒரு பட்டியலில் குறித்துவைத்திருக்கும். கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இல்லையென்றால் அந்த வரியை அழித்துவிடும். அதைத் தடுக்கத்தான் போன் அவ்வப்போது ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ரவுட்டர் அதைவிட அவசரக்காரராக இருந்தால், அல்லது பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் அந்தப் பொட்டலத்தைத் தாமதித்தால், வரி அழிந்துவிடும். அடையாளம் மிகத் தெளிவானது: நீங்கள் அழைத்தால் போகும், உங்களுக்கு அழைப்பு வராது. மற்றவர்கள் "ஸ்விட்ச் ஆஃப்னு வந்துச்சே" என்பார்கள். போனைக் கையில் எடுத்துத் திரையைத் தொட்டதும் எல்லாம் சரியாகிவிடும், அதனால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

மூன்றாவது, பொட்டலங்கள் சீராகப் போக வேண்டும். டவரில் குரலுக்கென்று தனிப் பாதை ஒதுக்குகிறார்கள். பக்கத்தில் யார் படம் இறக்கினாலும் உங்கள் பேச்சு அதில் மாட்டாது. வைஃபையில் அந்த உத்தரவாதம் இல்லை. தம்பி மாடியில் உட்கார்ந்து கல்யாண வீடியோவை மேலேற்றினால், ரவுட்டரின் வாயிலில் வரிசை நீண்டு, உங்கள் குரலும் அந்த வரிசையில் நிற்கும். அவர்கள் பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும், நீங்கள் பேசுவது அவர்களுக்கு உடைந்து கேட்கும். இந்த ஒருபக்கக் கோளாறு வந்தால் மேலேற்றத்தைச் சந்தேகியுங்கள். கணினியில் இப்படி ஓடவிட்டு, நடுவில் ஒரு பெரிய கோப்பை மேலேற்றிப் பாருங்கள்:

```
ping -n 100 8.8.8.8
```

மேக்கிலும் லினக்ஸிலும் `-n` இருக்கும் இடத்தில் `-c` போட வேண்டும். சும்மா இருக்கும்போது 15 மில்லிசெகண்டு காட்டியது, மேலேற்றும்போது 400 என்று ஏறினால் குற்றவாளி அந்த வரிசைதான். ரவுட்டரில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் `QoS` அமைப்பு இருந்தால் மேலேற்ற வேகத்தை உங்கள் இணைப்பின் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் கட்டிவையுங்கள். வரிசை சேராமல் இருக்கும்.

இணைய அழைப்புகளின் செய்திகளை வழியில் திருத்தும் `SIP ALG` என்ற அமைப்பை ரவுட்டரில் அணைக்கச் சொல்லி இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். வைஃபை காலிங்குக்கு அது பொருந்தாது. அழைப்பின் செய்திகள் எல்லாம் பூட்டிய சுரங்கத்துக்குள் போகின்றன. ரவுட்டரால் அவற்றைப் பார்க்கவே முடியாது, பிறகு எப்படிக் கெடுக்கும்?

## போன் எப்போது மாற முடிவு செய்கிறது

போன் வைஃபையின் பலத்தை டிபிஎம் என்ற அளவில் பார்க்கிறது. அது மைனஸ் எண். மைனஸ் 45 என்றால் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், மைனஸ் 85 என்றால் அறுந்துபோகும் நிலை. வைஃபைக்குள் நுழைய ஓர் எல்லையும், வெளியேற அதைவிடக் கீழான ஓர் எல்லையும் வைத்திருப்பார்கள். உதாரணத்துக்கு, மைனஸ் 75ஐவிட நன்றாக இருந்தால் நுழை, மைனஸ் 85க்குக் கீழே போனால் வெளியேறு. இரண்டும் ஒன்றாக இருந்தால் எல்லையில் நிற்கிறவருக்கு அழைப்பு நிமிடத்துக்குப் பத்து முறை இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருக்கும். சரியான எண்களைப் போன் தயாரிப்பாளரும் சிம் நிறுவனமும் வைக்கிறார்கள். நம்மால் மாற்ற முடியாது. அதனால்தான் ஒரே இடத்தில் இரண்டு போன்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன.

நம் கையில் இருப்பது ஒரு தேர்வு. ஆண்ட்ராய்டில் `Wi-Fi calling` பக்கத்துக்குள் `Calling preference` என்று பல போன்களில் இருக்கும். வைஃபை முதலில் என்று வைத்தால், டவர் நன்றாக இருந்தாலும் போன் வைஃபையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மொபைல் நெட்வொர்க் முதலில் என்று வைத்தால், டவர் மோசமாகும்போது மட்டும் வைஃபைக்குப் போகும். வீடு முழுக்க டவர் ஓரளவு கிடைக்கிறது, ஒரே ஓர் அறையில்தான் இல்லை என்றால் இரண்டாவதுதான் நல்லது, கைமாறுதலே குறையும். எங்கள் வீடுபோல உள்ளே டவரே இல்லையென்றால் முதலாவது. கூடத்தில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போகும்போது, மொபைல் முதலில் என்று வைத்தால் போன் அந்த ஒரு கோட்டைப் பிடிக்கப் பார்த்துத் தவிக்கும்.

ஐபோனில் இந்தத் தேர்வு கிடையாது. `Wi-Fi Calling` பக்கத்தில் சுவிட்சைப் போடுவதோடு சரி.

## படிப்படியாகச் சோதிக்கும் வழி

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது சரியானது என்று தெரியாது. இந்த வரிசையில் போங்கள்.

1. டவரை மட்டும் சோதியுங்கள். மேலே சொன்ன வோல்ட்டி சோதனை. இதில் தோற்றால் இதைச் சரிசெய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். சுவிட்ச் சரியாக இருந்தும் `E` காட்டினால் சிம் நிறுவனத்திடம் உங்கள் எண்ணில் வோல்ட்டி திறந்திருக்கிறதா, உங்கள் போன் மாடலுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த போன்களில் இந்த இரண்டாவது சிக்கல் அடிக்கடி வரும்.

2. வைஃபையை மட்டும் சோதியுங்கள். ஃப்ளைட் மோடைப் போடுங்கள், பிறகு வைஃபையை மட்டும் திரும்பப் போடுங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். மேல்பட்டையில் `VoWiFi`, `Wi-Fi Calling` அல்லது நிறுவனப் பெயரோடு `Wi-Fi` என்று வந்தால் சுரங்கம் போட்டாகிவிட்டது. பல ஆண்ட்ராய்டு போன்களில் `*#*#4636#*#*` என்று டயல் செய்தால் வரும் பக்கத்தில் `IMS Service Status` என்று ஒரு மெனு இருக்கும். அதில் `Voice over WiFi: Available` என்று இருக்க வேண்டும். அங்கே இருக்கும் மற்ற சுவிட்சுகளைத் தொடாதீர்கள்.

3. வரவில்லையென்றால் வைஃபையை மாற்றிப் பாருங்கள். இன்னொருவர் போனில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி, ஃப்ளைட் மோடிலேயே அதில் இணையுங்கள். அவர் சிம் வேறு நிறுவனமாக இருந்தாலும் பரவாயில்லை. அதில் பதிவாகி உங்கள் வீட்டு வைஃபையில் பதிவாகவில்லை என்றால் குறை உங்கள் ரவுட்டரிலோ இணைய நிறுவனத்திலோ இருக்கிறது. இரண்டிலும் பதிவாகவில்லை என்றால் குறை போனிலோ சிம் கணக்கிலோ இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனை, வாடிக்கையாளர் சேவையில் ஒருமணி நேரம் காத்திருப்பதை மிச்சப்படுத்தும்.

வீட்டு வைஃபைதான் குறை என்றால், வாயிலின் பெயர் அங்கிருந்து தெரிகிறதா என்று கணினியில் பார்க்கலாம். செல்பேசித் தரநிலையில் அந்தப் பெயருக்கு ஓர் அச்சு இருக்கிறது:

```
nslookup epdg.epc.mnc094.mcc404.pub.3gppnetwork.org
```

`mcc` என்பது நாட்டு எண். இந்தியாவில் பெரும்பாலும் 404 அல்லது 405 என்று இருக்கும். `mnc` உங்கள் நிறுவனத்துக்கும் வட்டத்துக்கும் உரியது. இரண்டும் ஆண்ட்ராய்டு போனில் சிம் செட்டிங்ஸுக்குள் `APN` பக்கத்தில் இருக்கும். இரண்டு இலக்கமாக இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம் போட்டு மூன்றாக்குங்கள். ஐபி முகவரிகள் திரும்பி வந்தால் பெயர் தேடல் சரி. விளம்பரத் தடுப்புக்காக ரவுட்டரில் பெயர் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றியிருந்து ஒன்றும் வரவில்லையென்றால், பழைய டிஎன்எஸ்ஸைப் போட்டுப் பாருங்கள். சில நிறுவனங்கள் இந்த அச்சை விட்டு வேறு பெயர் வைத்திருக்கும், அதனால் விடை வராததை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

4. வரும் அழைப்பைச் சோதியுங்கள். ஃப்ளைட் மோடும் வைஃபையுமாக, திரையை அணைத்துப் போனைக் கால் மணி நேரம் அலமாரியில் வையுங்கள். பிறகு வேறொரு போனிலிருந்து அழையுங்கள். பதிவான உடனே அழைத்தால் மணி அடித்து, கால் மணி கழித்து அடிக்கவில்லை என்றால், மேலே சொன்ன அழியும் வரிதான் காரணம். ரவுட்டரில் `UDP timeout` இருந்தால் சில நிமிடங்களாக உயர்த்துங்கள். போனில் பேட்டரி சேமிப்பையும், தூங்கும்போது வைஃபையை அணைக்கும் அமைப்பையும் எடுத்துவிடுங்கள்.

5. நடந்து சோதியுங்கள். ஃப்ளைட் மோடை எடுத்துவிட்டு, ரவுட்டருக்குப் பக்கத்தில் அழைப்பைத் தொடங்கி, எதிர்முனையில் இருப்பவரை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். மெதுவாக வாசலை நோக்கி நடங்கள். எந்த எண் காணாமல் போகிறது, அப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையில் வைஃபை அழைப்புக் குறி மறைந்து வோல்ட்டி குறி வரும் இடம்தான் மாறும் இடம்.

## எங்கள் வீட்டில் என்ன கிடைத்தது

முதல் சோதனையிலேயே வோல்ட்டி அணைந்திருந்தது தெரிந்துவிட்டது என்றேனே, அதைப் போட்டதும் திண்ணைப் பக்கத்துத் துண்டிப்பு பாதி சரியானது. மெதுவாக நடந்தால் மாறியது, வேகமாக நடந்தால் இரண்டு நொடி மௌனம், சில நேரம் துண்டிப்பு. வைஃபை அளக்கும் செயலியோடு நடந்து பார்த்தேன். ரவுட்டர் கூடத்தில் டிவிக்குப் பின்னால் இருந்தது. கூடத்தில் மைனஸ் 48. ரேழியின் உள்பக்கம் மைனஸ் 70. ரேழிக் கதவைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் மைனஸ் 86. அந்தக் கனச் சுவர் ஒரே அடியில் பதினாறு டெசிபலைத் தின்றுவிடுகிறது. படிப்படியாகத் தேய்ந்தால்தான் போன் முன்கூட்டியே டவரில் இடம் பிடிக்கும். இங்கே எல்லையைப் பார்ப்பதற்குள் வைஃபையே போய்விட்டது.

ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, ரேழியைப் பார்த்த நிலைப்படிக்கு மேலே ஆறடி உயரத்தில் மாட்டினோம். இப்போது திண்ணையில் மைனஸ் 74, படி இறங்கினால் மைனஸ் 80, தெருவில் பூக்கார அம்மா நிற்கும் இடத்தில் மைனஸ் 87. திண்ணையில் டவரும் நன்றாக இருப்பதால் இரண்டும் பத்தடிக்கு ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. படிக்கட்டில் இறங்கும்போது போன் நிதானமாக மாறிவிடுகிறது.

கொல்லைப் பக்கம் கதை வேறு. அடுக்களைக்கு வைஃபை வரவில்லை என்று தம்பி ஒரு பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, அதே பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டு மாட்டியிருந்தான். சிக்னல் அங்கே முழுசாக இருந்தது. ஆனாலும் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகும்போது பேச்சு நின்றது. போனில் வைஃபை விவரத்தைத் திறந்து பார்த்ததும் புரிந்தது. கூடத்தில் போனின் முகவரி `192.168.1.14`. அடுக்களையில் `192.168.0.102`. இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு வீட்டை நடத்திக்கொண்டிருந்தது. பெயர் ஒன்று என்பதால் பார்க்க ஒரே வைஃபை. போனின் சுரங்கத்துக்கோ அடிப்படை முகவரியே மாறிவிட்டது. ஓடும் சுரங்கத்தைப் புதிய முகவரிக்கு நகர்த்த மொபைக் என்ற வசதி தரநிலையில் இருக்கிறது. போன், வாயில் இரண்டிலும் அது இருந்தால்தான் வேலை செய்யும். இல்லையென்றால் சுரங்கத்தை முதலிலிருந்து போட வேண்டும், அதற்குள் பேச்சு போய்விடும். அடுக்களையில் டவரும் இல்லை, இறங்கவும் இடமில்லை.

சரிசெய்ய ஒரு ரூபாய் செலவாகவில்லை. இரண்டாவது ரவுட்டரின் அமைப்பில் `Access Point` நிலைக்கு மாற்றினேன். அந்த நிலை இல்லாத ரவுட்டர் என்றால், அதில் முகவரி வழங்கும் `DHCP`ஐ அணைத்து, அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி `192.168.1.2` போல மாற்றி, கேபிளை `WAN` ஓட்டையிலிருந்து எடுத்து `LAN` ஓட்டையில் செருக வேண்டும். இப்போது அடுக்களையிலும் `192.168.1.14`தான். ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது குரல் கால் நொடி தடுக்குகிறது, அவ்வளவுதான். மெஷ் என்று விற்கும் பெட்டிகளை வாங்கினாலும் இதைப் பாருங்கள். இணைய நிறுவனம் தந்த ரவுட்டருக்குப் பின்னால் மாட்டும்போது எல்லாப் பெட்டிகளும் ஒரே முகவரி வரிசையில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

## மின்வெட்டும் 112ம்

கரண்ட் போனால் ரவுட்டர் ஒரே நொடியில் அணையும். போனுக்கு முன்னெச்சரிக்கையே இல்லை. டவர் இருக்கும் இடத்தில் நின்றால் சில நொடி மௌனத்துக்குப் பிறகு பேச்சு தொடரலாம், அறுந்தும் போகலாம். கூடத்தில் நின்றால் அறுந்துதான் போகும். இன்வெர்ட்டர் லைனில் ரவுட்டரை மாட்டும்போது ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதையும் சேர்த்து மாட்டுங்கள். ஒன்றை மட்டும் மாட்டினால் வைஃபை குறி இருக்கும், இணையம் இருக்காது. அது இன்னும் மோசம். வைஃபை இருக்கிறதே என்று நினைத்து, சுரங்கம் செத்ததை உணரப் போன் நேரம் எடுத்துக்கொள்ளும், அதுவரை வரும் அழைப்பெல்லாம் வீண்.

112க்கு அழைக்கும்போது போன் முதலில் டவரைத்தான் தேடும், உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டால் வேறு நிறுவனத்தின் டவரையும் பயன்படுத்தும். டவர் வழியாகப் போனால் அழைப்பு எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பதை நெட்வொர்க் அறியும். வைஃபை வழியாகப் போகும் அழைப்பில் அந்த நிச்சயம் இல்லை. அம்மாவிடம் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன்: அவசரம் என்றால் முடிந்தால் திண்ணைக்கு வந்து அழைக்க வேண்டும், எடுத்தவுடன் முதலில் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் சொல்ல வேண்டும்.

போன வாரம் நான் சென்னையிலிருந்து அழைத்தபோது அம்மா கிணற்றடியில் இருந்தார். பேச்சு நடுவில் அடுக்களைச் சத்தம் வந்தது, பிறகு கூடத்து டிவி, பிறகு தெருவில் ஒரு பைக். "பூ எவ்வளவும்மா" என்று யாரையோ கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், ஒரு சொல்கூட அறுபடவில்லை.